ஒரு சோகப் பாட்டுக்கு எத்தனை இரவல்?

போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சண்டை நடந்தது. ஆயுதம் ஒரு கிட்டாரும் ஒரு தாளும்தான். எதிராளி என் மறைந்த நண்பனின் மகன். வயது இருபத்தாறு. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன். அவன் அப்பாவும் நானும் ஒரே பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள், ஒரே பாதிரியாரிடம் சொல்ஃபேஜ் கற்றவர்கள், பிறகு ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் முப்பது வருடம் கோப்பு புரட்டியவர்கள். அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவு நாளில் மகன் ஒரு பாட்டு பாட வேண்டும் என்று அவன் அம்மா ஆசைப்பட்டார். பையன் பாட்டும் எழுதி, மெட்டும் போட்டுக்கொண்டு வந்தான்.

பாட்டு நன்றாக இருந்தது. மெட்டும் நன்றாக இருந்தது. திண்ணையில் நிற்கும் அப்பாவின் சைக்கிளைப் பற்றிய பாட்டு. ஒரு சரணத்துக்கு நாலு வரி. முதல் வரியில் சைக்கிள் நிற்கிறது. இரண்டாம் வரியில், சின்ன வயதில் முன்பாரில் உட்கார்ந்து கடற்கரைக்குப் போன நினைவு. மூன்றாம் வரியில் இன்றைய தூசி, காற்றுப் போன டயர். நாலாவது வரியில் அவன் வீட்டுக்குள் திரும்பி விடுகிறான். மூன்றாம் சரணத்தில் மட்டும், மூன்றாம் வரியில் அவன் அந்தச் சைக்கிள் மணியை அடித்துப் பார்க்கிறான். யாரும் வரவில்லை. அவ்வளவுதான். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு தாளின் மேல் பக்கத்தில் எழுதியிருந்த கார்டுகளைப் பார்த்தேன். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

கார்டு என்றால் ரேஷன் கார்டு அல்ல. மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. நாங்கள் பிரெஞ்சில் அக்கோர் என்போம். ஏ மைனர் என்றால் ஏ, சி, ஈ மூன்றும் சேர்ந்தது. நடுவில் இருக்கும் சி-யை அரைச் சுரம் ஏற்றி சி ஷார்ப் ஆக்கினால் ஏ மேஜர். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்குச் சொன்னால், ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மைனரில் இருப்பது சாதாரண காந்தாரம், மேஜரில் இருப்பது அந்தர காந்தாரம். வித்தியாசம் அந்த ஒரு சுரம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் படித்த முறையில் ஏ-க்குப் பெயர் லா, பி-க்குப் பெயர் சி. ஆங்கிலத்துச் சி வேறு, எங்கள் சி வேறு. அன்றைக்கு முதல் பத்து நிமிடம் நான் "சி போடு" என்க, அவன் வேறொன்றைப் போட, இரண்டு பேரும் ஒருவர் காதை ஒருவர் சந்தேகப்பட்டோம். அதனால் இந்தக் கட்டுரையில் பிள்ளைகளின் ஆங்கில எழுத்துகளையே எழுதுகிறேன். பாதிரியார் மன்னிப்பாராக.

பையன் எழுதியிருந்தது இது:

முதல் வரி: ஏ மைனர், எஃப் மைனர்
இரண்டாம் வரி: டி மைனர், பி ஃபிளாட்
மூன்றாம் வரி: சி மைனர், ஜி மைனர்
நாலாம் வரி: எஃப் மைனர், ஈ ஏழு, ஏ மைனர்

ஏழு விதக் கார்டு. அதில் ஐந்து மைனர். பாட்டின் ஸ்ருதி ஏ மைனர் என்றால் அந்த வீட்டுக்குச் சொந்தமான சுரங்கள் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. நம் நடபைரவி. இந்த ஏழு சுரத்துக்குள் அமையும் கார்டுகள் மட்டும்தான் அந்த வீட்டுச் சொந்தம். அப்படிப் பார்த்தால் இந்தத் தாளில் சொந்தம் இரண்டே இரண்டு: ஏ மைனரும் டி மைனரும். மற்ற ஐந்தும் வெளியிலிருந்து வாங்கிய இரவல்.

"ஏன்டா இத்தனை இரவல்?" என்று கேட்டேன்.

"சோகப் பாட்டு பெரியப்பா. மைனர் அதிகமா இருந்தாத்தான் சோகம் ஏறும். இரவல் கார்டு போட்டா இன்னும் ஆழமா இருக்கும்" என்றான்.

அவன் மட்டும் இல்லை. இன்றைக்குக் கிட்டார் எடுக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். இது தவறு. தவறு என்று மெதுவாகச் சொல்லிப் பயனில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், மைனரைக் கூட்டினால் சோகம் கூடும் என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். அவன் பாட்டின் முதல் வரி ஏ மைனரிலிருந்து எஃப் மைனருக்குப் போகிறது. இரண்டும் மைனர். அவன் கணக்குப்படி இரட்டிப்புச் சோகம் வர வேண்டும். நான் அவனை வாசிக்கச் சொல்லி, கால் தாளத்தைக் கொஞ்சம் அழுத்தித் தட்டச் சொன்னேன். வாசித்தான். "இது எங்கே கேட்ட மாதிரி இருக்கு?" என்றேன். யோசித்தான். முகம் மாறியது.

ஸ்டார் வார்ஸ் படவரிசையில் 1980-இல் வந்த பாகத்துக்கு ஜான் வில்லியம்ஸ் எழுதிய அணிவகுப்பு இசை. கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர் வரும்போது ஒலிப்பது. அது ஜி மைனரிலிருந்து ஈ ஃபிளாட் மைனருக்குப் போய்த் திரும்பும். ஸ்ருதியை மாற்றி ஏ-க்குக் கொண்டுவந்தால் ஏ மைனர், எஃப் மைனர். பையனின் முதல் வரியேதான். அப்பாவின் சைக்கிள் பாட்டில் டார்த் வேடர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

காரணம் எளிது. எஃப் மைனரில் இருப்பவை எஃப், ஏ ஃபிளாட், சி. அதாவது, வீட்டின் ஆதாரமான ஏ இருந்த இடத்தில் அதற்கு அரைச் சுரம் கீழே இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஷட்ஜத்தையே இழந்த காதுக்கு நிற்க இடமில்லை. வருவது திகில். சோகத்துக்கு வீடு வேண்டும். வீடு இருந்தால்தான் அதில் ஒருவர் இல்லாதது தெரியும்.

சி மைனரும் இதே குற்றவாளி. அதில் ஈ ஃபிளாட் இருக்கிறது. ஏ மைனருக்குப் பஞ்சமம் ஈ. அந்தப் பஞ்சமத்தை அது அழிக்கிறது. ஆக இந்தத் தாளில் முதல் வரியில் ஷட்ஜம் போனது, மூன்றாம் வரியில் பஞ்சமம் போனது. நாலாம் வரியில் மறுபடி ஷட்ஜம் போனது. இதற்குள் கேட்கிறவர்களுக்குப் பாட்டு எந்த ஸ்ருதியில் ஆரம்பித்தது என்பதே மறந்திருக்கும். கடைசி ஏ மைனர் வரும்போது வீடு திரும்பிய உணர்வு வராது. ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கின மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏ மைனர் வீட்டுக்குள்ளேயே மூன்று மேஜர் கார்டுகள் இருக்கின்றன. சி, எஃப், ஜி. பையன் மூன்றையும் வெளியே தள்ளிவிட்டான். சோகப் பாட்டில் மேஜருக்கு என்ன வேலை என்று நினைத்திருக்கிறான். உண்மையில் சோகப் பாட்டுக்கு அவைதான் உயிர்.

நாங்கள் சின்ன வயதில் ரேடியோவிலும் இசைத்தட்டிலும் கேட்டு வளர்ந்த "லே ஃபெய் மோர்த்" என்ற பிரெஞ்சுப் பாட்டு, அதாவது உதிர்ந்த இலைகள். ஹங்கேரியில் பிறந்த ஜோசப் கோஸ்மா இசை, ஜாக் பிரெவேர் வரிகள். 1946-இல் மார்செல் கார்னே எடுத்த படத்தில் வந்தது. பிறகு ஆங்கிலத்துக்கும் போய் உலகமெல்லாம் ஜாஸ்காரர்கள் வாசிக்கும் பாட்டாகிவிட்டது. பிரிவைப் பற்றி இதைவிடச் சோகமான மெட்டு எனக்குத் தெரியாது. அதன் பல்லவியை ஏ மைனருக்குக் கொண்டுவந்தால் ஜாஸ்காரர்கள் வாசிக்கும் கார்டுகள் இப்படிப் போகும்: டி மைனர், ஜி, சி, எஃப். பிறகு பி-யில் ஒரு குறைகார்டு, ஈ ஏழு, கடைசியில் ஏ மைனர்.

முதல் நாலு கார்டைப் பாருங்கள். அவை சி மேஜரின் கார்டுகள். கண்ணை மூடிக்கொண்டு அதை மட்டும் கேட்டால் சந்தோஷப் பாட்டு என்றே சொல்வீர்கள். வெளிச்சத்தை முழுசாகக் காட்டிவிட்டுப் பிறகு ஏ மைனருக்கு இறக்குகிறார் கோஸ்மா. இழந்தது எது என்று முதலில் காட்டுகிறார், அப்புறம்தான் இழப்பு. இந்த ஏழு கார்டிலும் வீட்டுக்கு வெளியே இருந்து வந்தது ஒரே ஒரு சுரம், ஈ ஏழில் இருக்கும் ஜி ஷார்ப். மற்றதெல்லாம் சொந்தம்.

இதைச் சொல்லிவிட்டுப் பையனின் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நான் எழுதியது இது:

முதல் வரி: ஏ மைனர், டி மைனர்
இரண்டாம் வரி: ஜி, சி
மூன்றாம் வரி: எஃப், டி மைனர்
நாலாம் வரி: ஈ ஏழு, ஏ மைனர்

ஒரு கார்டுக்கு நாலு தட்டு, மெதுவாக. சைக்கிள் நிற்கும் வரியில் மைனர். கடற்கரைக்குப் போன நினைவு வரும்போது ஜி வழியாக சி மேஜர் வந்து வெயில் அடிக்கும். மூன்றாம் வரியில் எஃப்-இல் அந்த வெயில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். டி மைனரில் மங்கும். நாலாம் வரியில் வீடு. அவன் எழுதின வரிகளே இப்படித்தான் நடக்கின்றன. கார்டுகள் அந்த நடைக்குக் கூடவே போனால் போதும்.

வாசித்துப் பார்த்தான். இரண்டாம் வரியில் சி மேஜர் வந்தபோது அவன் கை கொஞ்சம் தயங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் இளரத்தம். "ரொம்பச் சாதாரணமா இருக்கே பெரியப்பா. இதுல இரவலே இல்லையே" என்றான்.

"ஈ ஏழு இருக்கே" என்றேன்.

"அது எல்லாரும் போடறதுதானே. அதைப் போய் இரவல்னு யாரு சொல்லுவா?"

நியாயமான கேள்வி. நடபைரவி வீட்டில் இருக்க வேண்டியது ஈ மைனர். அதில் உள்ள ஜி-யை அரைச் சுரம் ஏற்றி ஜி ஷார்ப் ஆக்கினால் ஈ மேஜர். அங்கே நாம் கீரவாணிக்குத் தாவிவிடுகிறோம். ஜி ஷார்ப் என்பது ஏ-யின் வாசற்படியில் நிற்கும் சுரம். அடுத்த அடி வீட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும் என்று காதை இழுக்கும். ஈ மைனரிலிருந்து ஏ மைனருக்கு வந்தால் அந்த இழுப்பு இருக்காது, சும்மா வந்து சேரும். இந்த இரவல் பல நூறு வருடமாக வழக்கத்தில் இருப்பதால் யாரும் இரவலாகவே நினைப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் நிரந்தர முன்பணம் என்று ஒன்று உண்டு. சில்லறைச் செலவுக்கு எப்போதும் கையில் இருக்கும். அது மாதிரி. ஆனால் நிரந்தர முன்பணத்துக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஈ ஏழு போட்டால், நாலாம் வரியில் வீடு திரும்பும்போது வாசற்படியில் ஏற்கெனவே மூன்று தடவை ஏறி இறங்கியிருப்பீர்கள்.

இப்போது இரவலுக்கு வருகிறேன். ஏ மைனரில் இரவல் வாங்கத் தகுந்த கார்டுகள் என்று நான் நம்புவது நாலு. ஈ மேஜர், டி மேஜர், பி ஃபிளாட், ஏ மேஜர். இவை ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு அன்னியமான சுரம் ஒன்றே ஒன்றுதான். ஈ மேஜரில் ஜி ஷார்ப். டி மேஜரில் எஃப் ஷார்ப். பி ஃபிளாட்டில் பி ஃபிளாட். ஏ மேஜரில் சி ஷார்ப். இந்த நாலும் ஷட்ஜமான ஏ-யையோ பஞ்சமமான ஈ-யையோ தொடுவதில்லை. வீட்டுச் சுவர் நிற்கிறது, உள்ளே ஒரு நாற்காலி மட்டும் இடம் மாறுகிறது. எஃப் மைனரிலும் சி மைனரிலும் கூட அன்னிய சுரம் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று சுவரையே இடிக்கிறது. எத்தனை சுரம் மாறுகிறது என்று எண்ணினால் போதாது, எது மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இதை மேல்நாட்டுப் புத்தகத்திலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. பாஷாங்க ராகம் என்று நம்மவர்கள் சொல்வது என்ன? தாய் ராகத்தில் இல்லாத சுரத்தை ஒரு குறிப்பிட்ட பிடியில் மட்டும் உள்ளே விடுவது. காம்போதியில் காகலி நிஷாதம் எல்லா இடத்திலும் வராது. அதற்கென்று ஒரு பிடி உண்டு, அங்கே மட்டும் தலைகாட்டும். பைரவி ராகம் நடபைரவியில் பிறந்ததுதான். மேலே போகும்போது சதுஸ்ருதி தைவதம், கீழே இறங்கும்போது சுத்த தைவதம். ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் அது எஃப் ஷார்ப்பும் எஃப்-உம். டி மேஜரையும் டி மைனரையும் ஒரே பாட்டில் வைக்கிறவன் செய்வதும் அதே வேலைதான். ஏறும்போது எஃப் ஷார்ப் நம்பிக்கை கொடுக்கும். இறங்கும்போது எஃப் அதைப் பறிக்கும். பைரவி பாடுகிறவர் அந்தத் தைவதத்தை இடம் பார்த்துத்தான் வைப்பார். கிட்டார்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு இல்லை?

குமாஸ்தா புத்தியோடு சொல்கிறேன். இரவல் வாங்கும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். எந்தச் சுரத்தை வாங்குகிறாய்? பாட்டின் எந்தச் சொல்லுக்காக? எப்போது திருப்பித் தருவாய்? மூன்றாவது கேள்வி முக்கியம். ஜி ஷார்ப் வாங்கினால் அது ஏ-யில் போய்ச் சேர வேண்டும். பி ஃபிளாட் வாங்கினால் அது கீழே ஏ-க்கு இறங்க வேண்டும். அன்னிய சுரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்த இரவலுக்குப் போகிறவன், ஒரு கடனை அடைக்காமல் இன்னொரு கடன் வாங்குகிறவன்.

"சரி பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு கூடுதலா வெச்சுக்கறேன். எங்க வைக்கட்டும்?" என்று இறங்கி வந்தான்.

மூன்று சரணத்தையும் மறுபடி படித்தோம். பாட்டில் வலிக்கும் சொல் ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் சரணத்தில் மணி அடிக்கும் இடம். முதல் இரண்டு சரணத்திலும் அந்த இடத்தில், மூன்றாம் வரியின் பின்பாதியில், இருப்பது டி மைனர். டி, எஃப், ஏ. மூன்றாம் சரணத்தில் மட்டும் அந்த ஏ-யை அரைச் சுரம் உயர்த்தினால் டி, எஃப், பி ஃபிளாட். அதுதான் பி ஃபிளாட் கார்டு, கீழ்த் தந்தியில் டி-யை அப்படியே வைத்துக்கொண்டு. புத்தகத்தில் நியாபொலிடன் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டு சரணமாகக் கேட்டுப் பழகிய கார்டில் ஒரே ஒரு விரல் நகர்கிறது, அவ்வளவுதான். முதல் சரணத்திலேயே வைத்தால் அது வெறும் அலங்காரம். இரண்டு தடவை சாதாரணமாகக் கேட்டுவிட்டு மூன்றாம் தடவை மாறினால்தான், ஏதோ நடந்துவிட்டது என்று காதுக்குத் தெரியும்.

போட்டுப் பார்த்தோம். நன்றாக இல்லை! பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தப்பு கார்டில் இல்லை, மெட்டில் இருந்தது. அந்த இடத்தில் அவன் பாடிக்கொண்டிருந்தது ஏ. டி மைனரோடு ஏ பொருந்தும். பி ஃபிளாட் கார்டு வந்ததும் கிட்டார் பி ஃபிளாட் சொல்கிறது, குரல் ஏ சொல்கிறது, இரண்டும் அரைச் சுர தூரத்தில் உரசிக்கொண்டு நிற்கின்றன. கேட்கிறவர் கார்டு தெரியாதவராக இருந்தால் தந்தி ஸ்ருதி விலகிவிட்டது என்றே நினைப்பார். இரவல் கார்டு போட்ட பாட்டுகளில் பாதி கெடுவது இப்படித்தான். கிட்டார்க்காரன் கார்டை மாற்றுவான், பாடுகிறவனிடம் சொல்ல மாட்டான்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எங்கள் பாதிரியார் சொல்லித்தந்தது. கார்டை முழுசாக மீட்டாதே. அந்த அன்னிய சுரத்தை மட்டும் ஒற்றைத் தந்தியில் அடித்துப் பிடித்துக்கொண்டு பாட்டை அதன்மேல் பாடு. உரசினால் உடனே தெரியும். உரசினால் ஒன்று கார்டை விடு, அல்லது மெட்டை மாற்று.

நாங்கள் மெட்டை மாற்றினோம். மூன்றாம் சரணத்தில், அந்த ஒரு சொல்லில் மட்டும் குரல் ஏ-யிலிருந்து அரைச் சுரம் ஏறி பி ஃபிளாட் தொடும். அடுத்த வரியில் ஈ கார்டு வரும்போது குரல் ஏ-க்கு இறங்கிக் கொஞ்சம் தொங்கும். பிறகு ஜி ஷார்ப். பிறகுதான் ஏ மைனரில் ஏ. பி ஃபிளாட், ஏ, ஜி ஷார்ப், ஏ. வாங்கிய இரவல் இரண்டும் அந்த நாலு சுரத்துக்குள் அடைந்துவிட்டன. மணியை அடித்துவிட்டு யாரும் வராமல் நிற்கிறவன் குரல் அப்படித்தான் இறங்கும்.

பையன் பாடி முடித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி காப்பி கொண்டுவந்தார்.

இந்தப் பதிவைப் படிக்கும் எதிர்க்கட்சிக்காரர்கள் இன்னொரு பக்கத்திலிருந்தும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். "இரவலே எதற்கு? ஏ மைனர், எஃப், சி, ஜி, இந்த நாலையே சுற்றிச் சுற்றி வாசித்து எத்தனை பாட்டு மக்களை அழவைத்திருக்கிறது?" என்பார்கள். உண்மைதான். அந்த நாலு கார்டுச் சக்கரம் நல்ல சக்கரம். தாலாட்டு மாதிரி ஒரே மனநிலையில் ஆடிக்கொண்டிருக்கும் பாட்டுக்கு அது போதும். ஆனால் அதில் ஜி ஷார்ப் இல்லை. ஜி-யிலிருந்து ஏ மைனருக்கு வருவதில் வாசற்படி இழுப்பு இல்லை. அதனால் சக்கரம் எங்கே நின்றாலும் ஒன்றுதான், அதனால்தான் அந்தப் பாட்டுகளில் பல முடியாமல், சத்தம் குறைந்து மறைந்துபோகின்றன. கதை சொல்லும் பாட்டுக்கு முடிவு வேண்டும். மணி அடித்தாயிற்று, யாரும் வரவில்லை என்றபின் சக்கரம் மறுபடி சுற்றினால், கேட்கிறவர் "சரி, அப்புறம்?" என்று கேட்பார்.

கடைசியாக ஒரு சண்டை பாக்கி இருந்தது. அது இன்னும் தீரவில்லை.

பாட்டின் கடைசிக் கார்டை ஏ மேஜரில் முடிக்க வேண்டும் என்றான் பையன். மைனர் பாட்டை மேஜரில் முடிக்கும் வழக்கம் பழையது. பாக்கின் கோரல்களில் நிறையப் பார்க்கலாம். பிரெஞ்சில் அதற்குப் பிக்கார்தித் திரிதியை என்று பெயர். 1768-இல் வந்த தன் இசை அகராதியிலேயே ரூசோ அதைப் பதிவு செய்திருக்கிறார். சி-க்குப் பதில் சி ஷார்ப். நான் சொன்ன நாலு இரவலில் நாலாவது. என் கேள்விகளில் இரண்டுக்கு அதற்குப் பதில் உண்டு. மூன்றாவதுக்கு இல்லை. பாட்டு முடிந்துவிட்ட பிறகு இந்த இரவலை எப்போது திருப்பித் தருவது? கிட்டார் கற்றவர் எல்லாரும் வாசிக்கும் "ரொமான்ஸ்" இருக்கிறதே, 1952-இல் ரெனே கிளெமான் படத்துக்கு நார்சிசோ யெப்பஸ் வாசித்தது, அதில் முதல் பாதி ஈ மைனர், இரண்டாம் பாதி ஈ மேஜர். ஆனால் திரும்ப மைனருக்கு வந்துதான் முடியும். வாங்கிய வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதுதான் ஒழுங்கு என்பது என் கட்சி. மணி அடித்து யாரும் வராத பாட்டில் கடைசியில் திடீர் வெயில் அடித்தால் அது பொய் என்றேன்.

"அப்பா வரலைதான் பெரியப்பா. ஆனா நான் அங்கதானே நிக்கிறேன்" என்றான் அவன்.

நினைவு நாளில் பாடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீழ்த் தந்திகளை மட்டும் பிடித்தேன். இரண்டாம் வரியில் வெயில் சரியாக அடித்தது. மூன்றாம் சரணத்தில் அந்த பி ஃபிளாட்டுக்கு அவன் குரல் ஏறியபோது என் எதிரில் உட்கார்ந்திருந்த பழைய சகா ஒருவர் தலை நிமிர்ந்தார். அவருக்குக் கார்டும் தெரியாது, நியாபொலிடனும் தெரியாது. ஐந்து இரவல் போட்டிருந்தால் அவர் நிமிர்ந்திருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசிக் கார்டில் என் சொல்லைக் கேட்காமல் சி ஷார்ப் வைத்தான். பையனின் அம்மா அதுவரை தலை குனிந்திருந்தவர், அந்தக் கார்டு அடங்கும் வரை மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவனிடம் பேசவில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இதை எழுதும் முன் கிட்டாரை எடுத்து இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்களும் முடித்துப் பாருங்கள். மேலே இருக்கும் நாலு வரியை மெதுவாக மூன்று தடவை, மூன்றாம் தடவை மட்டும் டி மைனருக்குப் பதில் டி-யை அடியில் வைத்த பி ஃபிளாட், கடைசியில் ஒரு தடவை சி, ஒரு தடவை சி ஷார்ப். எதை வைப்பது என்று சண்டை போட வருகிறவர்களை வரவேற்கிறேன். முதல் வரியில் எஃப் மைனர் வைப்பேன் என்று வருகிறவர்களுக்கு மட்டும் காப்பி கிடையாது.